ஒரு வார்த்தை கேட்டால் முடிந்துவிடும் காட்சியை எப்படி இழுப்பது?

வாசல்நிலா | ஜூன் 3, இரவு 9.12

ஆள்மாறாட்டக் காமெடி, தப்பாப் புரிஞ்சுக்கற காமெடி எல்லாமே பார்க்கறவங்களை ஏமாத்தற வேலைன்னுதான் எனக்குத் தோணுது. ரெண்டு பேர் அஞ்சு நிமிஷம் பேசிட்டே இருக்காங்க. ஒருத்தர் மனசுல ஒண்ணு, இன்னொருத்தர் மனசுல வேற ஒண்ணு. "நீங்க எதைப் பத்திச் சொல்றீங்க?"ன்னு ஒருத்தர் கேட்டா அங்கேயே முடிஞ்சுது. ஆனா கேட்கவே மாட்டாங்க. பக்கத்துல நிக்கற எடுபிடிக்கு எல்லாம் தெரியும், அவனும் வாயைத் திறக்க மாட்டான். எழுதறவங்க சோம்பேறித்தனமா, இல்ல இதுக்கு ஏதாவது முறை இருக்கா?

பழைய ப்ராம்ப்டர் | ஜூன் 3, இரவு 10.40

முறை இருக்கிறது. நீங்கள் பார்த்ததெல்லாம் அது தெரியாமல் எழுதியவையாக இருக்கலாம்.

கேள்வியையே கேட்காமல் தப்பிப்பது சோம்பேறி வழி. நல்ல காட்சியில் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள், பெரும்பாலும் பாதிக்கு முன்பே. வருகிற பதில் இரண்டு அர்த்தத்துக்கும் பொருந்தி, குழப்பத்தை இன்னும் இறுக்கிவிடும். "எதைச் சொல்றீங்க?" "நீங்க எதுக்கு வந்தீங்களோ, அதைத்தான்." கேட்டவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பார்ப்பவருக்கும் இனிமேல் "ஏன் கேட்கவில்லை" என்ற குறை இல்லை.

பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் கஞ்சன் நாடகம், 1668, ஐந்தாம் அங்கம் மூன்றாம் காட்சி. கிழவனுடைய பணப்பெட்டி திருடு போயிருக்கிறது. அவர் மகளை ரகசியமாகக் காதலிக்கும் இளைஞனைப் பிடித்து விசாரிக்கிறார். காதல் தெரிந்துவிட்டது என்று நினைத்து அவன் ஒப்புக்கொள்ள, பெட்டியைத் திருடியதை ஒப்புக்கொள்கிறான் என்று கிழவர் நினைக்கிறார். தொட்டாயா என்று கேட்டால், நானா, என் எண்ணம் தூய்மையானது என்கிறான். இவர்கள் ஏன் தெளிவாகக் கேட்கவில்லை என்று பார்ப்பவருக்குத் தோன்றுவதே இல்லை. கிழவருக்கு உலகத்தில் பெட்டியைத் தவிர வேறொன்றும் கிடையாது, இளைஞனுக்கு அந்தப் பெண்ணைத் தவிர வேறொன்றும் கிடையாது. கேட்காமல் இருப்பதற்கான காரணம் பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது.

ரீல்சுருள் | ஜூன் 4, காலை 7.05

அதெல்லாம் சரி. ஆனா ஒண்ணு, பார்க்கறவங்களுக்கு முன்கூட்டியே சொல்லவே கூடாது. கடைசியில திடீர்னு உடைச்சாதான் வெடிச் சிரிப்பு. முன்னாடியே தெரிஞ்சா என்ன சுவாரசியம்?

பழைய ப்ராம்ப்டர் | ஜூன் 4, காலை 8.30

திடீர் உடைப்பில் ஒரு சிரிப்பு கிடைக்கும். முன்பே தெரிந்திருந்தால் வரிக்கு வரி கிடைக்கும்.

பழைய ரோமானிய நாடகாசிரியர் ப்ளாட்டஸின் இரட்டையர் நாடகத்தில், கதை தொடங்கும் முன்பே ஒருவர் வந்து நின்று, அண்ணன் தம்பி பிரிந்த கதையை முழுதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். ஷேக்ஸ்பியர் அதை எடுத்து, வேலைக்காரர்களையும் ஒரு ஜோடி இரட்டையராக ஆக்கியபோதும், முதல் காட்சியிலேயே தகப்பனை நிறுத்தி நீளமாகக் கதை சொல்ல வைத்தார். வரப்போவது முழுக்கச் சிரிப்பு. தொடக்கத்திலோ மரண தண்டனை பெற்ற கிழவர் கப்பல் உடைந்த கதை சொல்கிறார். அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டும் அவர் அதை அங்கேயே வைத்ததற்குக் காரணம், பார்ப்பவர் கையில் தகவல் இல்லாமல் அடுத்த காட்சியில் யாரும் சிரிக்க முடியாது.

ரீல்சுருள் | ஜூன் 4, காலை 8.52

படத்துல வேற. கேமரா மறைக்கலாம். ஒரு ட்விஸ்ட்டுக்காக மறைச்சு வச்சு நல்லா ஓடின காட்சிகள் இருக்கு. நான் முழுசா ஒத்துக்கலை.

குறிஞ்சி | ஜூன் 4, பகல் 1.15

இரட்டை வேடம் பத்தித்தானே பேச்சு? ரொம்ப நாளா ஒரு சந்தேகம். பழைய படத்துல ஒரே நடிகர் ரெண்டு பேரா ஒரே ஃப்ரேம்ல நிப்பாரே, அது எப்படி? நடுவுல கோடு தெரியறதே இல்லையே?

ரீல்சுருள் | ஜூன் 4, பகல் 1.40

பேச்சு அது இல்ல, ஆனா இது எனக்குத் தெரியும். கேமராவை அசையாம பூட்டிடுவாங்க. லென்ஸ் முன்னாடி பாதியைக் கறுப்பா மறைச்சு ஒரு பக்கம் எடுக்கறது. அப்புறம் ஃபிலிமை ஆரம்பத்துக்கே சுத்தி, மறைப்பை அடுத்த பாதிக்கு மாத்தி, உடுப்பு மாத்தின அதே நடிகரை இன்னொரு பக்கம் எடுக்கறது. கோடு தெரியாம இருக்க, கதவு நிலை, தூண், திரைச்சீலை ஓரம்னு ஏற்கெனவே ஒரு கோடு இருக்கற இடத்துல பிரிப்பாங்க. நடிகர் கை அந்தக் கோட்டைத் தாண்டினா அந்தக் கை காணாமப் போயிடும். நிழல் தாண்டினாலும் அப்படித்தான், நிழலைத்தான் நிறைய பேர் மறந்துடுவாங்க. ரெண்டு தடவைக்கும் நடுவுல வெளிச்சம் மாறினா ஒரு பாதி வெளிறிப்போய் நிக்கும். காமெடிக்கு இதுல பெரிய சிக்கல் டைமிங்தான். இல்லாத ஆளுக்குப் பதில் சொல்லணும். ஓரத்துல நின்னு ஒருத்தர் அடுத்த ஆளோட வசனத்தைப் படிப்பாங்க.

குறிஞ்சி | ஜூன் 4, பகல் 1.44

அட, தூண்! இனிமே தூணைத்தான் பார்ப்பேன்.

சந்திரிகா | ஜூன் 4, இரவு 8.20

ப்ராம்ப்டர் சார், என்கிட்ட ஒரு காட்சி இருக்கு, ஆபீஸ் ஆண்டு விழா நாடகத்துக்கு. படிச்சவங்க எல்லாரும் புரியுதுன்னு சொல்றாங்க, யாரும் சிரிக்க மாட்டேங்கறாங்க.

வீட்டுக்குள்ள அறையில மாமனார், வயசு 82, உடம்பு சரியில்ல. மாப்பிள்ளை புது டாக்டருக்குக் காத்திருக்கார். அதே அறையில பழைய சுவர்க்கடிகாரம், மணி தப்பா அடிக்குது. அதுக்கு மனைவி ஒரு மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்காங்க, மாப்பிள்ளைக்குத் தெரியாது. மெக்கானிக் முதல்ல வந்துடறார். ரெண்டு பேரும் பேசறாங்க.

மெக்கானிக்: எவ்வளவு பழசு?
மாப்பிள்ளை: அவருக்கு எண்பத்திரண்டு வயசு ஆகுது.
மெக்கானிக்: என்ன பிரச்சினை?
மாப்பிள்ளை: ராத்திரியெல்லாம் இருமிக்கிட்டே இருக்காரு.
மெக்கானிக்: அது எப்ப நின்னுச்சு?
மாப்பிள்ளை: எங்கே நிக்கறாரு, படுத்தே இருக்காரு.

மெக்கானிக்குக் கொஞ்சம் காது மந்தம்னு வச்சிருக்கேன், அதனால "அவரு"ங்கறதைக் கவனிக்கலை.

பழைய ப்ராம்ப்டர் | ஜூன் 4, இரவு 10.05

கரு நன்றாக இருக்கிறது. காது மந்தத்தை முதலில் தூக்குங்கள். காது கேட்காததால் வரும் குழப்பம் வேறு வகை. அதில் எந்த வரியை எப்படி எழுதினாலும் தப்பாகக் கேட்டுவிடலாம், ஆகவே எந்த வரிக்கும் மதிப்பில்லை. உங்கள் காட்சி, இருவரும் ஒவ்வொரு சொல்லையும் சரியாகக் கேட்டும் தவறாகப் புரிந்துகொள்வதால்தான் சிரிப்பு.

சிரிப்பு வராத காரணம் வினைமுற்றுகளில் இருக்கிறது. தமிழில் கடைசி விகுதி காட்டிக் கொடுத்துவிடும். "இருக்காரு" என்றால் மனிதர், அதிலும் மரியாதைக்குரியவர். "நின்னுச்சு" என்றால் பொருள். மோலியேருக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர் மொழியில் பெட்டியும் பெண்ணும் ஒரே சுட்டுச் சொல்லுக்குள் அடங்கிவிடும். நமக்கு ஒவ்வொரு வாக்கியமும் ஓட்டை. உங்கள் ஆறு வரியில் நான்கு ஒழுகுகிறது. ஒழுகின வரியைக் கேட்டதும் பார்ப்பவர் "இவனுக்கு இது கேட்கலையா" என்று யோசிக்கிறார். யோசிக்கிற நேரத்தில் சிரிக்க மாட்டார்.

ஓட்டையை மூடுவதற்குப் பேச்சுத்தமிழிலேயே வழி இருக்கிறது. ஆச்சு, வேண்டாம், முடியாது, கூடாது, -ணும், -லாம், -றதில்ல. இவற்றில் ஆள் யார், பொருள் எது என்ற அடையாளம் கிடையாது. "வருஷமாச்சு", "அசைக்கவே முடியாது", "பார்த்துடலாம்", "கொடுக்கறதில்ல". அப்புறம் எழுவாயைச் சொல்லாமல் விடுங்கள். நாம் வீட்டில் பேசும்போது பாதி நேரம் விட்டுவிடுகிறோம், காதுக்கு உறுத்தாது. "-ஆ" என்று முடியும் நிபந்தனையும் உதவும்: "கிளம்பிட்டா", "விழுந்துட்டா". கடிகாரமும் விழலாம், மாமனாரும் விழலாம்.

இன்னொன்று: "வயசு" என்ற சொல்லே வேண்டாம். எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

வாசல்நிலா | ஜூன் 4, இரவு 10.31

அப்ப கடிகாரத்துக்கு முகம் இருக்கு, கை இருக்கு, அதை வச்சு நிறைய எழுதலாமே?

பழைய ப்ராம்ப்டர் | ஜூன் 4, இரவு 10.38

நம் கடிகாரத்துக்குக் கை கிடையாது, முள்தான். பல் உண்டு. சாவி கொடுப்போம். எண்ணெய் விடுவோம். இந்த மூன்று போதும், மூன்றும் மாமனாருக்கும் பொருந்தும்.

சந்திரிகா | ஜூன் 5, இரவு 9.50

மாத்தி எழுதிட்டேன்.

மெக்கானிக்: உள்ளேதானே?
மாப்பிள்ளை: உள்ளேதான். இடத்தை விட்டு அசைச்சே ரொம்ப நாளாச்சு.
மெக்கானிக்: எத்தனை வருஷம் இருக்கும்?
மாப்பிள்ளை: எண்பத்திரண்டு.
மெக்கானிக்: அடேயப்பா! இப்பல்லாம் இந்த மாதிரி கிடைக்காது.
மாப்பிள்ளை: கிடைக்கவே வேண்டாம். ஒண்ணே தாங்க முடியலை.
மெக்கானிக்: இப்ப என்ன தொந்தரவு?
மாப்பிள்ளை: சத்தம். ராத்திரி ரெண்டு மணிக்கு.
மெக்கானிக்: ரெண்டு தடவைக்கு மேல வருதா?
மாப்பிள்ளை: பதினோரு தடவை. எண்ணிட்டேன்.
மெக்கானிக்: அப்ப பல் தேஞ்சிருக்கும்.
மாப்பிள்ளை: தேயறதா? பல் போயே பத்து வருஷமாச்சு.
மெக்கானிக்: எண்ணெய்?
மாப்பிள்ளை: வாரம் ஒரு தடவை. நல்லா அழுத்தித் தேய்ச்சு.
மெக்கானிக்: தேய்க்கவே கூடாது. ஒரு சொட்டு விட்டாப் போதும்.
மாப்பிள்ளை: ஒரு சொட்டா?
மெக்கானிக்: சாவி கொடுக்கறீங்களா?
மாப்பிள்ளை: சாவியெல்லாம் கொடுக்கறதில்ல. எங்கேயாவது கிளம்பிட்டா யார் தேடறது?
மெக்கானிக்: சரி, கழட்டிப் பார்த்துடலாம்.
மாப்பிள்ளை: எதை?
மெக்கானிக்: முதல்ல பின்பக்கம்.

ரீல்சுருள் | ஜூன் 5, இரவு 10.02

"முதல்ல பின்பக்கம்" படிச்சுட்டுச் சத்தமா சிரிச்சேன். ப்ராம்ப்டர் ஜெயிச்சார்.

பழைய ப்ராம்ப்டர் | ஜூன் 5, இரவு 11.20

மிக நன்று. ஒழுகும் வரி ஒன்றுமில்லை. "வருதா" பாதுகாப்பானது, வருவது சத்தம், அது இருமலாகவும் இருக்கலாம், மணியாகவும் இருக்கலாம். "கிளம்பிட்டா யார் தேடறது" மெக்கானிக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். அவர் அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டு சிரிக்கட்டும், ஒரு நொடி போதும். சந்தேகம் வருகிற இடத்தில் பாத்திரமே தனக்குத் தானே ஒரு தப்பான சமாதானம் சொல்லிக்கொண்டால் பார்ப்பவர் மன்னித்துவிடுவார். "தாங்க முடியலை"யைக் கேட்டதும் அவர் சுவர் ஆணியைப் பற்றிக் கவலைப்படலாம், எழுத வேண்டாம், நடிகர் அண்ணாந்து சுவரை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

மேடையில் கவனிக்க வேண்டியது இரண்டு. கடிகாரம் பார்வையாளர் கண்ணில் படவே கூடாது. மேடையில் மாட்டியிருந்தால் மெக்கானிக் உள்ளே வந்ததும் நேராக அதனிடம்தான் போவார், நடிகரைத் தடுக்கவே முடியாது. மாமனாரும் கடிகாரமும் ஒரே கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இருவரும் ஒரே கதவைக் கை காட்டிப் பேசுவதுதான் இந்தக் காட்சியின் தூண். சத்தம் மட்டும் உள்ளேயிருந்து வரலாம்.

இரண்டாவது, பை. டாக்டருக்கும் பை உண்டு, மெக்கானிக்குக்கும் பை உண்டு, ஆகவே தோற்றத்தில் மாப்பிள்ளை ஏமாறுவது நியாயம். ஆனால் பையை "பின்பக்கம்" வரை திறக்கக் கூடாது. அந்த வரியைச் சொல்லிக்கொண்டே திருப்புளியை வெளியே எடுக்க வேண்டும். முதல் வரியிலேயே எடுத்துவிட்டால் மாப்பிள்ளை முட்டாளாகிவிடுவார்.

இனி, தகவலை முன்கூட்டிக் கொடுப்பது. மனைவி தொலைபேசியில் மெக்கானிக்கிடம் பேசுவதை வைத்து, "கடிகாரம்" என்ற சொல்லை இரண்டு தடவை காதில் விழ வையுங்கள். ஒரு தடவை போதாது, அப்போது யாராவது நாற்காலி தேடிக்கொண்டிருப்பார். பிறகு அவர் வெளியே கிளம்ப வேண்டும், கடைசி வரை திரும்பக் கூடாது. அவர் ஒருவர்தான் முடிச்சை அவிழ்க்கக் கூடியவர்.

வாசல்நிலா | ஜூன் 6, காலை 6.48

இப்பத்தான் என் ரெண்டாவது கேள்விக்கு வர்றோம். உண்மை தெரிஞ்ச எடுபிடி ஏன் வாயைத் திறக்கறதில்ல? சந்திரிகா காட்சியில எடுபிடியே இல்ல, அதனால தப்பிச்சாங்க.

சந்திரிகா | ஜூன் 6, காலை 7.30

இருக்கான். மச்சினன் ஒருத்தன். காட்சி முழுக்க ஓரத்துல நின்னு நடுநடுவுல ஜோக் அடிப்பான். அதான் வேலைக்கு ஆகலைன்னு இங்கே போடலை.

ரீல்சுருள் | ஜூன் 6, காலை 9.10

எடுபிடின்னா அதுக்குத்தானே? கனமான இடத்துல இலேசாக்கறது. பழைய படங்கள்ல காமெடியைத் தனி ட்ராக்காவே எடுத்து நடுவுல செருகுவாங்க, கதையோட ஒட்டவே ஒட்டாது, ஆனா மக்கள் அதுக்காகவே வந்தாங்க.

பழைய ப்ராம்ப்டர் | ஜூன் 6, முற்பகல் 11.55

தனி ட்ராக் நடந்த உண்மைதான். அங்கே எடுபிடிக்கு நாயகனுடைய ரகசியம் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை, ஆகவே இந்தக் கேள்வியும் எழாது. கதைக்குள் நிற்பவன் வேறு. அவனுக்கு ரகசியம் தெரியும். தெரிந்தவன் சொல்லாமல் இருப்பதற்கு எழுதுபவர்தான் காரணம் கொடுக்க வேண்டும்.

காளிதாசன் இதை எப்படிச் சமாளித்தான் என்று பாருங்கள். சாகுந்தலத்தில் அரசன் தன் காதலை, கூடவே இருக்கும் வேடிக்கைத் தோழனான விதூஷகனிடம் சொல்லிவிடுகிறான். ஆனால் பின்னால் சாபத்தால் அரசன் சகுந்தலையை மறக்க வேண்டும். விதூஷகன் பக்கத்தில் இருந்தால் "அன்றைக்குச் சொன்னீர்களே" என்று ஒரு வார்த்தை போதும், நாடகம் முடிந்தது. அதனால் இரண்டாம் அங்கத்தின் முடிவிலேயே அரசன் அவனை ஊருக்கு அனுப்புகிறான். அனுப்பும்போது, நான் சொன்னதெல்லாம் விளையாட்டு, நிஜமென்று எடுத்துக்கொள்ளாதே என்கிறான். ஐந்தாம் அங்கத்தில் அவள் வந்து நிற்பதற்கு முன்பு, அவனை ஒரு சாக்குச் சொல்லி அந்தப்புரத்துக்கு அனுப்பிவிடுகிறான். ஆறாம் அங்கத்தில் நினைவு வந்த பிறகு, நீயாவது நினைவூட்டியிருக்கக் கூடாதா என்று அரசன் கேட்க, விளையாட்டு என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவன் பதில் சொல்கிறான். பூட்டு இரட்டைப் பூட்டு: ஆளும் இல்லை, இருந்திருந்தாலும் அவன் நம்பியது வேறு.

சந்திரிகா, உங்கள் மச்சினனை அனுப்ப வேண்டாம். அவனுக்கு உண்மை தெரியட்டும், குழப்பம் நீடித்தால் அவனுக்கு லாபம் என்று ஆக்குங்கள். கடிகாரப் பெட்டிக்குள் அவன் எதையோ ஒளித்து வைத்திருக்கிறான், திறந்தால் மாட்டிக்கொள்வான். அப்போது அவன் ஓரத்தில் நிற்க மாட்டான், நடுவில் வந்து நிற்பான்.

சந்திரிகா | ஜூன் 6, இரவு 9.15

அப்பாவோட பணத்தைக் கடிகாரத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான்னு வச்சுட்டேன். மெக்கானிக் வர்றதுக்கு முன்னாடியே, பணத்தை எடுக்கப் போய் முடியாம திரும்பறதைக் காட்டிடறேன். "பின்பக்கம்"க்கு அப்புறம் இப்படி:

மச்சினன்: ஐயையோ, கழட்டவே கூடாது!
மாப்பிள்ளை: ஏன்டா?
மச்சினன்: போன தடவை கழட்டி மாட்டினதுல ரெண்டு திருகு மிஞ்சிடுச்சு.
மாப்பிள்ளை: (உட்காருகிறார்) என்கிட்ட ஏன் சொல்லலை?
மச்சினன்: அக்காதான் சொல்ல வேண்டாம்னா.
மெக்கானிக்: ரெண்டுதானே? அது பாட்டுக்கு ஓடும்.

ரீல்சுருள் | ஜூன் 6, இரவு 9.33

"அது பாட்டுக்கு ஓடும்"ல "அது" வந்துடுச்சே! ஓட்டை!

பழைய ப்ராம்ப்டர் | ஜூன் 6, இரவு 10.10

வரட்டும். ஒரே ஒரு ஓட்டையை வேண்டுமென்றே விடலாம், அதையும் சிரிப்பாக்கினால். மாப்பிள்ளை பதறி, "என்ன இவர் மரியாதையில்லாம 'அது'ங்கறார்?" என்று மச்சினனிடம் கிசுகிசுக்கட்டும். மச்சினன், "பெரிய டாக்டர் மாமா, எல்லாமே உடம்புதான் அவங்களுக்கு" என்று சொல்லட்டும். நீங்கள் கண்டுபிடித்த ஓட்டையைப் பாத்திரமும் கண்டுபிடித்துவிட்டது, தப்பான பதிலும் கிடைத்துவிட்டது. பார்ப்பவருக்கு இனி அந்த இடத்தில் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டாம் தடவை செய்யாதீர்கள்.

"கழட்டி மாட்டினதுல ரெண்டு திருகு" வரிதான் உச்சம். சிரிப்பு எழும்பி உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரி வர வேண்டும். அடங்கின பிறகு பேசினால் காட்சி செத்துவிடும், உச்சியிலேயே பேசினால் வரி யாருக்கும் கேட்காது. அதனால்தான் மாப்பிள்ளை உட்காருவதை வைத்தது சரி, அந்த நேரத்தை அவர் உடம்பு நிரப்புகிறது. சிரிப்பு வராத நாளில் சட்டென உட்கார்ந்து உடனே பேசிவிடலாம், யாருக்கும் தெரியாது. சிரிப்புக்குப் பின் வரும் வரியின் முதல் இரண்டு சொற்களில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள்.

குறிஞ்சி | ஜூன் 7, காலை 10.20

எப்ப உடைக்கறது? எனக்கு மாமனார்க்குப் பாவமா இருக்கு.

பழைய ப்ராம்ப்டர் | ஜூன் 7, காலை 11.02

இதுவரை முப்பது வரிக்குக் கொஞ்சம் கீழே. வெறுமனே வாசித்தால் இரண்டு நிமிஷத்துக்குள் வரும், சிரிப்போடு மூன்று, மூன்றரை. இன்னும் ஐந்தாறு வரியில் உடைத்துவிடுங்கள். இதுவரை ஒளித்து வைத்த விகுதி இப்போது உதவும். வினை கடைசியில் வருவதால், வாக்கியத்தின் கடைசி நொடி வரை இரண்டு அர்த்தத்தையும் பிடித்து வைக்கலாம்.

மெக்கானிக்: சரியாகலைன்னா விட்டுத் தள்ளுங்க. எடைக்குப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கிடலாம்.
மாப்பிள்ளை: புதுசாவா? எங்க மாமனாரையா?

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முழுக் காட்சியிலும் "மாமனார்" என்பதை யாரும் சொல்லவில்லை. ஒத்திகையில் நடிகர் பழக்கதோஷத்தில் முன்னாலேயே "மாமனாருக்கு" என்று ஒரு தடவை விட்டுவிட்டால் இந்த வரி வெறும் வரியாகிவிடும். ப்ராம்ப்டர் பிரதியில் அந்தச் சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டு வையுங்கள்.

வாசல்நிலா | ஜூன் 7, பகல் 12.30

சரி, ஏமாத்து வேலைன்னு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன், பாதி. இன்னொரு பாதி: உடைஞ்சதும் எல்லாரும் சிரிச்சு, கட்டிப்பிடிச்சு, திரை விழும். அது எனக்குச் சகிக்காது.

ரீல்சுருள் | ஜூன் 7, பகல் 1.05

உடையற நேரத்துல நிஜ டாக்டர் உள்ளே வரணும். மாப்பிள்ளை இப்ப உஷார், இவரும் மெக்கானிக்தான்னு நினைச்சு கடிகாரத்தைக் காட்டறார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் கடிகாரத்து மேல வைக்கற மாதிரி!

பழைய ப்ராம்ப்டர் | ஜூன் 7, பகல் 2.40

டாக்டர் உள்ளே வருவது சரி. கடிகாரத்தில் ஸ்டெதாஸ்கோப் வைப்பது சரியில்லை. அவருக்கு அப்படிச் செய்ய ஒரு காரணமும் கிடையாது, சிரிப்புக்காகச் செய்கிறார் என்று உடனே தெரிந்துவிடும். அதுவும் கடிகாரம் உள்ளே இருக்கிறது. திருப்பிப் போட்ட குழப்பம் முதல் குழப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, பார்ப்பவருக்கு விளையாட்டு ஏற்கெனவே தெரியும். மாப்பிள்ளை வாசலிலேயே நின்று, "வேண்டாங்க, பின்பக்கத்துல ரெண்டு திருகு இல்லையாம்" என்றால் போதும். டாக்டர் மாப்பிள்ளையின் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். அதற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது.

ரீல்சுருள் | ஜூன் 7, பகல் 2.58

படத்துல கட் பண்ணி உள் அறைக்கே போகலாம் சார். கடிகாரம் தெரியும். நான் ஸ்டெதாஸ்கோப்பை விட மாட்டேன்.

சந்திரிகா | ஜூன் 8, இரவு 7.45

நாடியே வச்சுக்கறேன். ஒரு சிக்கல், மச்சினனா நடிக்கறவர் "இந்தக் காட்சியில எனக்கு ஜோக்கே இல்லையே, எல்லாத்தையும் மாப்பிள்ளைக்கே கொடுத்துட்டீங்க"ங்கறார்.

பழைய ப்ராம்ப்டர் | ஜூன் 8, இரவு 9.30

எடுபிடி வேடம் கட்டுகிற எல்லாரும் சொல்வதுதான். திருகு வரி அவருடையது என்று காட்டுங்கள். அதை அவர் வேடிக்கையாகச் சொன்னால் விழாது, பயத்தில் சொல்ல வேண்டும். பணம் போய்விடும் என்ற பயம். மாப்பிள்ளை சிரிப்பு வாங்குவதும் அந்தப் பயத்தை நம்பித்தான். அவர் அங்கே கண் சிமிட்டினால் மூன்று பேருக்கும் சிரிப்பு போய்விடும்.

குறிஞ்சி | ஜூன் 8, இரவு 9.41

கடைசியில அந்தப் பணம் என்ன ஆச்சு?

சந்திரிகா | ஜூன் 8, இரவு 9.58

ஐயோ. அதை எழுதவே இல்ல.

பழைய ப்ராம்ப்டர் | ஜூன் 8, இரவு 10.15

எழுதிவிடுங்கள், பார்ப்பவர் எண்ணிக்கொண்டே இருப்பார். மாமனாரே உள்ளேயிருந்து எழுந்து வந்து, எல்லார் முன்னாலும் சாவி கொடுப்பதற்காகக் கடிகாரப் பெட்டியைக் கேட்கலாம். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்றும் வைக்கலாம், ஆனால் அதற்கு முதல் காட்சியில் ஒரு வரி தேவைப்படும்.

ரீல்சுருள் | ஜூன் 8, இரவு 10.22

பார்த்தீங்களா, கடைசியில ட்விஸ்ட்டுக்கு வந்துட்டார்.